கவிழ்த்துப் போட்ட சீட்டு சாட்சி சொல்லும்

நேரில் உட்கார்ந்து ஆடும் போக்கரில் ஒருவர் இந்த ஆட்டம் வேண்டாம் என்று விலகி, ஃபோல்ட் சொல்லிச் சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டால், அந்தச் சீட்டின் கதை அதோடு முடிந்தது. என்ன வைத்திருந்தாய் என்று கேட்பதே மரியாதை இல்லை. ஆன்லைனில் அப்படி முடிவதில்லை. ஒவ்வொரு கையிலும், அதாவது சீட்டுப் போடும் ஒவ்வொரு சுற்றிலும், யாருக்கு எந்த இரண்டு சீட்டு வந்தது, யார் எத்தனை மில்லிசெகண்ட் கழித்து எந்தப் பட்டனை அழுத்தினார் என்பது முழுக்க சர்வரில் உட்கார்ந்திருக்கிறது. ஆடுபவர் தரவிறக்கும் ஹேண்ட் ஹிஸ்டரியில் அவருடைய சீட்டும், கடைசியில் காட்டப்பட்ட சீட்டும்தான் இருக்கும். தளத்திடம் எல்லாமே இருக்கிறது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் வேலை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஐபி முகவரி, விபிஎன் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது முதல் சல்லடை மட்டுமே. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கணக்கு, ஒரே ஹார்ட் டிஸ்க் எண், பின்னணியில் ஓடும் ரிமோட் டெஸ்க்டாப், இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்குப் பண மாற்றம் என்றெல்லாம் பார்ப்பார்கள். சோம்பேறிகள் இதிலேயே சிக்கிவிடுவார்கள். கொஞ்சம் விவரமானவர் தனி லேப்டாப், தனி இணைப்பு, தனி வங்கிக் கணக்கு என்று ஏற்பாடு செய்துகொள்வார். ஆனால் சீட்டை எப்படி ஆடினார் என்பதை மறைக்க அவருக்கு வழி கிடையாது.

(இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்துவிட்டது. கீழே வருவதெல்லாம் வெளிநாட்டு உரிமத்தில் நடக்கும் பெரிய தளங்களைப் பற்றியது.)

இரண்டு பேர், ஒரே பை

கூட்டு ஆட்டம் என்றால் ஒரே மேசையில் இரண்டு பேர் போனில் தங்கள் சீட்டைச் சொல்லிக்கொண்டு ஆடுவது. இதைத் தேடத் தொடங்கும் இடம், இந்த இருவரும் எத்தனை முறை ஒன்றாக உட்காருகிறார்கள் என்பது. மாலை நேரத்தில் ஒரு பந்தய அளவில் 40 மேசைகள் ஓடுகின்றன, ஒருவர் ஒரே நேரத்தில் 4 மேசை ஆடுகிறார், இன்னொருவரும் 4 மேசை ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் தங்கள் போக்கில் மேசை தேர்ந்தெடுத்தால் சராசரியாக 0.4 மேசைதான் பொதுவாக அமையும். மாதக் கணக்கில் அது 3 என்று நின்றால் விசாரிக்க வேண்டியதுதான்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பலவீனமான ஆட்டக்காரர் ஒருவர் உட்கார்ந்த மேசைக்குத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் ஓடிவருவார்கள். அதனால் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர்கூட அடிக்கடி ஒரே மேசையில் சந்திப்பார்கள். ஆகவே சந்தேகத்துக்குரிய ஜோடியை வெறும் தற்செயலோடு ஒப்பிட்டால் தப்பான விடைதான் வரும். அதே பந்தய அளவில் ஆடும் மற்றத் தேர்ந்த ஜோடிகளோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, ஒருவரிடம் மட்டும் காட்டும் தயவு. மற்ற நால்வரிடம் அடித்து ஆடுகிறவர் அந்த ஒருவர் எதிரே வந்தால் மட்டும் அடங்கிப் போகிறாரா? நல்ல சீட்டு வைத்துக்கொண்டு பந்தயம் கட்டாமல் செக் செய்கிறாரா? இதையும் எண்ணிவிடலாம். ஆனால் விவரமான கூட்டாளிகள் வேண்டுமென்றே ஒருவர் பந்தயத்தை இன்னொருவர் ஏற்றி, ரைஸ் செய்து நாடகம் போடுவார்கள். அந்த நாடகத்தால் மறைக்க முடியாத ஒன்றுதான் தலைப்பில் இருக்கும் கவிழ்த்துப் போட்ட சீட்டு.

விஷயம் இதுதான். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் திறக்கும் மூன்று சீட்டுதான் ஃப்ளாப்; அதற்கு முன்பே ஒருவர் ஃபோல்ட் செய்துவிட்டால், அவர் கையில் என்ன இருந்தது என்பது மேசையில் வேறு எவருக்கும் தெரியாது. எனவே நேர்மையாக ஆடுகிற ஒருவருடைய முடிவுக்கும், அந்தக் கவிழ்ந்த சீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க முடியாது. சம்பந்தம் தெரிந்தால், அந்தத் தகவல் மேசைக்கு வெளியே ஏதோ ஒரு வழியில் போயிருக்கிறது.

ஒரு கையைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். குமார் கையில் இரண்டு கிளாவர். ஃப்ளாப்பில் இன்னும் இரண்டு கிளாவர் விழுகிறது. ஐந்தும் ஒரே ஜாதியான ஃப்ளஷ் அமைய இன்னொரு கிளாவர் வேண்டும். மீதியில் 9 கிளாவர் இருக்கிறது. அவர் பார்க்காத சீட்டு 47. அடுத்த சீட்டிலேயே அமைய வாய்ப்பு 19.1 சதவீதம். நடுவில் 20 டாலர் கிடக்கிறது, எதிராளி 5 டாலர் கட்டுகிறார். 5 டாலர் போட்டு மொத்தம் 30 டாலருக்கு ஆசைப்படும் கணக்கு இது, 16.7 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால் கட்டலாம். பின்னால் வரும் பந்தயங்களை விட்டுவிட்டுப் பார்த்தால் குமார் கால் செய்வது, அதாவது அந்த 5 டாலரைப் போட்டுத் தொடர்வது, நேரான முடிவு.

இப்போது மேசையில் அவருடைய கூட்டாளி தாமஸ் ஏற்கெனவே ஃபோல்ட் செய்திருக்கிறார். அவர் போட்டது இரண்டுமே கிளாவர் என்று குமாருக்கு வாட்ஸப்பில் தெரிந்தால்? மீதி 7 கிளாவர், தெரியாத சீட்டு 45. வாய்ப்பு 15.6 சதவீதமாகக் குறைகிறது. இப்போது கால் செய்வது நஷ்டம். குமார் ஃபோல்ட் செய்வார். மேசையில் இருக்கும் எவருக்கும் இதில் விசேஷமாக எதுவும் தெரியாது. ஒருவர் 5 டாலருக்குப் பயந்து ஃபோல்ட் செய்தார், அவ்வளவுதான். சர்வருக்கு மட்டும் ஏன் என்று தெரியும்.

ஒரு கை ஒன்றையும் நிரூபிக்காது. குமாருக்கு ஃப்ளஷ் வாய்ப்பு வந்து, எதிரே பந்தயமும் வந்த 600 கைகளைத் திரட்டுகிறார்கள் என்று கொள்வோம். அவற்றில் தாமஸ் அதே ஜாதிச் சீட்டு இரண்டையும் கவிழ்த்துப் போட்டிருப்பது சுமார் 3.3 சதவீதம், அதாவது 20 கை. மற்ற சமயங்களில் குமார் 70 சதவீதம் கால் செய்கிறவர் என்றால் இந்த 20-லும் 14 வாக்கில் கால் செய்திருக்க வேண்டும். அவர் 6 மட்டுமே செய்திருந்தால், நேர்மையான ஒருவருக்குத் தற்செயலாக அப்படி அமைய ஏறக்குறைய 4000-ல் ஒரு வாய்ப்பு.

4000-ல் ஒன்று என்றதும் கணக்கை மூடிவிடலாம் என்று தோன்றும். மூடக் கூடாது. அந்தப் பந்தய அளவில் 500 தேர்ந்த ஆட்டக்காரர்கள் இருந்தால் அவர்களுக்குள் ஒரு லட்சத்து 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் அமையும். 4000-ல் ஒன்று என்றால் எந்தத் தப்பும் செய்யாத 30 ஜோடிகள் இந்தச் சோதனையில் தோற்பார்கள். புள்ளிவிவரம் தெரியாதவர் கையில் இந்த வேலையைக் கொடுத்தால் நேரும் விபத்து இதுதான். அதனால் முதல் சோதனையில் விழுந்த ஜோடியை அதோடு தொடர்பே இல்லாத வேறு சோதனைகளில் போடுவார்கள். கையில் ஜோடி வைத்துக்கொண்டு மூன்றாவதற்காகக் காத்திருக்கும்போது, கூட்டாளி அதே எண் சீட்டைக் கவிழ்த்திருந்தால் என்ன செய்கிறார்? குமார் கவிழ்த்த சீட்டைத் தாமஸ் அறிந்தவர்போல் ஆடுகிறாரா? இருவரும் ஒன்றாக உட்காரும் விகிதம் என்ன? முதல் சோதனையில் தற்செயலாக விழுந்த 30 ஜோடிகளும் இரண்டாவது, மூன்றாவது சோதனையில் கழன்றுகொள்வார்கள். உண்மையான கூட்டாளிகள் ஒவ்வொன்றிலும் விழுவார்கள்.

இதன் பலவீனமும் வெளிப்படை. ஒரு ஜோடிக்கு இப்படி 600 கைகள் சேரப் பல்லாயிரம் கைகள் ஒன்றாக ஆடியிருக்க வேண்டும். ஒரு வாரம் ஆடி, பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிற ஜோடியை இது தொடாது.

ஆட்டத்தின் விதியே கூட்டுக்கு வாசல் திறந்துவிடுவதும் உண்டு. போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் டபுள் ஆர் நத்திங் என்று ஒரு வகை ஆட்டம் இருந்தது. பத்துப் பேர் ஆரம்பித்து ஐந்து பேர் மிஞ்சியதும் ஆட்டம் முடிந்துவிடும். மிஞ்சிய ஐவருக்கும் கட்டியதைப்போல் இரண்டு மடங்கு, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இங்கே சிப்ஸ் நிறையச் சேர்ப்பதால் லாபமே இல்லை, உயிரோடு இருந்தால் போதும். பத்தில் மூன்று பேர் நாம் ஒருவரையொருவர் வெளியேற்ற வேண்டாம் என்று பேசிவைத்துக்கொண்டால் சீட்டைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் இருப்பது அத்தனையும் வைத்து ஆல் இன் போட்டால் மற்ற இருவர் ஒதுங்கிக்கொள்வது போதும். மீதி ஏழு பேர் தங்களுக்குள் மோதிச் சாவார்கள். 2010-ல் சீனாவிலிருந்து ஆடிய ஒரு பெரிய கூட்டம் இதில் பிடிபட்டது. சந்தேகத்தை எழுப்பியவர்கள் ஆட்டக்காரர்கள்தான். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தளம் திருப்பிக் கொடுத்தது 21 லட்சம் டாலருக்கு மேல்.

தூங்காத ஆட்டக்காரர்

பாட் என்றால் ஆளுக்குப் பதிலாக ஆடும் நிரல். (நடுவில் சேரும் பணத்தையும் தமிழில் பாட் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, குழப்பம் வேண்டாம் என்று அதை இங்கே நடுப்பணம் என்றே சொல்கிறேன்.) இருபது மணி நேரம் இடைவிடாமல் ஆடுகிற பாட்டை யார் வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். இப்போது அப்படி யாரும் ஓட்டுவதில்லை. நான்கு மணி நேர ஆட்டம், சாப்பாட்டு இடைவேளை, ஞாயிறு விடுமுறை எல்லாம் நிரலிலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

காட்டிக்கொடுப்பது நேரம்தான், ஆனால் வேறு விதமாக. மனிதர் யோசிக்கும் நேரம் கேள்வியின் கடினத்தைப் பொறுத்தது. 7-2 என்ற மட்டமான சீட்டு வந்தால் அரை செகண்டில் ஃபோல்ட். கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் நடுப்பணம் அளவுக்குப் பந்தயம் வந்து, கையில் இரண்டாந்தர ஜோடி இருந்தால் பன்னிரண்டு செகண்ட். பாட் எழுதியவர் இது தெரிந்து 2 முதல் 6 செகண்டுக்குள் ஏதாவது ஒரு நேரம் என்று போட்டிருப்பார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நேரமும் மனிதத்தனமாகத்தான் தெரியும். கடினமான முடிவுகளின் சராசரியையும் எளிய முடிவுகளின் சராசரியையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் 4 செகண்ட்! இன்னொரு அடையாளமும் உண்டு. 2 மேசையிலிருந்து 12 மேசைக்குப் போனால் மனிதருக்கு ஒவ்வொரு முடிவும் தாமதமாகும், சில கைகளில் நேரம் தீர்ந்து தானாக ஃபோல்ட் ஆகும். பாட்டுக்கு 12 மேசையும் ஒன்றுதான்.

மவுஸும் சொல்லும். மனிதர்கள் பட்டனின் நட்டநடுவில் அழுத்துவது அபூர்வம். பெரும்பாலும் மவுஸ் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்த ஓரமாக அழுத்துவார்கள். பாட்டின் கிளிக்குகளை ஒரு படமாகப் போட்டால், ஒன்று எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்திருக்கும், அல்லது பட்டன் முழுவதும் கோலமாவு தூவியதுபோல் சீராகப் பரவியிருக்கும். திரையைப் படித்து ஆடும் பாட்டுகளுக்கு ஒரு பழைய வைத்தியமும் இருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் பட்டனைச் சில பிக்சல் நகர்த்தி, எழுத்துருவைக் கொஞ்சம் மாற்றி ஒரு அப்டேட் அனுப்புவது. மனிதர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஏழெட்டுக் கணக்குகள் மட்டும் ஒரே நிமிடத்தில் சிலையாக நிற்கும்.

ஆனால் பெரிய பண்ணைகளைப் பிடித்துக்கொடுப்பது ஒற்றுமை. ஒரே நிரலைப் பல பெயர்களில் ஓட்டினால்தான் லாபம் வரும். ஆனால் ஒரே மூளை பல பெயர்களில் ஆடினால் எண்கள் ஒன்றாகிவிடும். ஒருவர் தனக்கு வந்த கைகளில் எத்தனை சதவீதத்தைத் தானாகப் பணம் போட்டு ஆடுகிறார் என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர் மேசையில் தேர்ந்த மனிதர்களுக்கு இது 20-லிருந்து 28 வரை ஆளாளுக்கு மாறும். ஐந்து கணக்குகள், தலைக்கு ஒரு லட்சம் கை, எண்கள் 24.1, 24.0, 24.2, 24.1, 24.0. ஒரே ஆள் ஒரு லட்சம் கை ஆடிவிட்டு, மறுபடி ஒரு லட்சம் கை ஆடினால் இந்த எண் சீட்டு அதிர்ஷ்டத்தால் மட்டும் 0.14 அளவுக்கு அசையும். ஐந்து கணக்குகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் ஒரே ஆளிடம் இருக்கும் வித்தியாசத்தை விடப் பெரிதாக இல்லை.

இதுவும் தனியாகப் போதாது. ஒரே பயிற்சி வகுப்பில் படித்தவர்கள் ஒரே அட்டவணையை மனப்பாடம் செய்திருப்பார்கள். ஃப்ளாப்புக்கு முந்தைய எண்கள் அவர்களுக்கும் ஒன்றாகத்தான் இருக்கும். பிரிவது பின்னால்தான். நான்காவது பொதுச் சீட்டான டர்னில் இரண்டாவது முறை பந்தயம் கட்டும் விகிதம், ரிவரில் பெரிய பந்தயத்துக்கு ஃபோல்ட் செய்யும் விகிதம், செக் செய்துவிட்டு ரைஸ் செய்வது ஆகியவை சுபாவத்திலிருந்து வருகிற எண்கள். வகுப்புத் தோழர்கள் இதில் சிதறிப்போவார்கள், பாட்டுகள் சிதறாது. 2015-ல் போக்கர்ஸ்டார்ஸின் பாட் லிமிட் ஒமாஹா என்ற போக்கர் வகை மேசைகளில் இருந்த பண்ணையை ஆட்டக்காரர்களே தங்கள் ஹேண்ட் ஹிஸ்டரிகளைத் திரட்டி, இதுபோன்ற எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

அதனால்தான் 2019 ஜூனில் பார்ட்டிபோக்கர் எடுத்த முடிவு இன்றுவரை சர்ச்சைக்குரியது. அந்தத் தளம் ஹேண்ட் ஹிஸ்டரி தரவிறக்கத்தை நிறுத்தியது, எல்லோரையும் பெயர் மாற்ற வைத்தது. எதிராளியைப் பற்றிய எண்களைச் சேர்த்து வைத்து வேட்டையாடுவது இதனால் நின்றது, புதியவர்களுக்கு நல்லது. ஆனால் ஆட்டக்காரர்கள் நடத்திய காவலும் அதோடு போயிற்று. காவலுக்கு ஆள் குறைத்ததுதான் பெரிய நஷ்டம் என்பது என் கணிப்பு.

பக்கத்து அறையில் ஒரு வாத்தியார்

மூன்றாவது வகையில் ஆடுவது மனிதர்தான், மவுஸும் அவருடையதுதான். முடிவை மட்டும் வேறொரு திரையில் பார்த்துக்கொள்கிறார். சால்வர் என்ற மென்பொருள் ஒவ்வொரு நிலைமைக்கும் ஏறக்குறைய குறையில்லாத விடையைக் கணக்கிட்டுத் தரும். ஆட்டம் முடிந்த பிறகு அதில் படிப்பது படிப்பு. ஆட்டத்தின் நடுவே பார்ப்பது ஆர்டிஏ எனப்படும் நிகழ்நேர உதவி.

தளத்தின் செயலி கம்ப்யூட்டரில் ஓடும் நிரல்களின் பட்டியலையும் ஜன்னல் தலைப்புகளையும் பார்க்கிறது. அதனால்தான் விவரம் தெரியாமல் சால்வரைத் திறந்துவைத்துக்கொண்டு தளத்தில் நுழைபவர்களுக்கும் எச்சரிக்கை வருகிறது. இரண்டாவது கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டால் இந்தக் கண்காணிப்பு அத்தனையும் வீண். மறுபடி ஆட்டத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

ஒவ்வொரு முடிவையும் சால்வரின் விடையோடு ஒப்பிட்டு, அந்தத் தவறால் எவ்வளவு பணம் போயிருக்கும் என்று அளக்கலாம். சராசரித் தவறு மிகக் குறைவு என்பதால் மட்டும் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. உலகத்தில் நன்றாக ஆடுகிறவர்களும் இருக்கிறார்களே. கவனிக்க வேண்டியது தவறு எங்கே கூடுகிறது என்பது. மனிதர் அடிக்கடி வரும் நிலைமைகளைப் படித்திருப்பார். அங்கே தவறு குறைவு. வருடத்துக்கு இரண்டு முறை வரும் நிலைமையில் தடுமாறுவார். சரிவு படிப்படியாக இருக்கும். ஆர்டிஏ வைத்திருப்பவருக்கு அந்தச் சரிவு இல்லை. எத்தனை அபூர்வமான நிலைமை வந்தாலும் ஒரே தரம்தான்.

பிறகு திடீரென்று ஒரு பள்ளம் வரும். ஏனென்றால் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த விடைகள் பெரும்பாலும் இரண்டு பேர் மட்டும் மோதும் கைகளுக்கானவை, அதுவும் குறிப்பிட்ட பந்தய அளவுகளுக்கு. மூன்று பேர் ஃப்ளாப் பார்த்த ஆட்டத்துக்குத் தயார் விடை பெரும்பாலும் இல்லை. ஃப்ளாப் பார்த்தது இருவராக இருக்கும்வரை உலகத்தரம், மூன்றாமவர் நுழைந்ததும் சாதாரண ஆள் என்ற வரைபடம் தன் தலையில் படித்து வைத்த மனிதரிடம் வராது.

மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றே தப்பு செய்கிறவர்களும் உண்டு. ஆனால் மனசு வருவதில்லை! தப்பெல்லாம் 8 டாலர் கையில் நடக்கும். 800 டாலர் கையில் ஒரு தப்பும் இராது. இதையும் அளக்க முடியும். நேரத்தில் இங்கே இன்னொரு தடயம் சேர்கிறது. நிலைமையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் மனிதர் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கும் இடத்திலும் ஐந்தாறு செகண்ட் போய்விடும்.

விடைகளை இணையத்தில் விற்கும் நிறுவனங்களிடமும் பதிவுகள் இருக்கின்றன. ஜிடிஓ விசார்ட் தங்கள் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு கை நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே அந்த நிலைமையைத் தேடினாரா என்று தளங்கள் சரிபார்க்கும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. இதில் சிக்கினால் வாதாட இடமே இல்லை. கையின் நேரமும் தேடிய நேரமும் செகண்ட் கணக்கில் பொருந்திவிடும்.

கொடி ஏறிய பிறகு

சந்தேகம் வந்த கணக்கை உடனே மூட மாட்டார்கள். முதலில் தெரிவது பணம் எடுக்க முடியாமல் போவதுதான். எடுக்கக் கொடுத்த கோரிக்கை பரிசீலனையில் என்று நிற்கும்; சில தளங்களில் அதே சமயம் ஆடவும் விடுவார்கள், தரவு சேரட்டும் என்று. பிறகு ஒரு மின்னஞ்சல் வரும். அடையாள அட்டை, முகவரிச் சான்று, வீட்டில் வேறு யார் ஆடுகிறார்கள், என்னென்ன மென்பொருள் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பார்கள். பாட் சந்தேகம் என்றால் வீடியோ கேட்பதுண்டு: அறையை ஒரு சுற்றுக் காட்டிவிட்டு, கையும் திரையும் தெரிய ஒரு மணி நேரம் ஆட வேண்டும். இதை ஆடத் தெரியுமா என்ற சோதனையாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கேமரா முன்னால் ஆடும்போது வரும் நேரங்களும் கிளிக்குகளும் எண்களும் பழைய லட்சம் கையோடு பொருந்துகின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள்.

முடிவு நான்கில் ஒன்று. சந்தேகம் நீங்கிக் கணக்கு திறக்கும். எச்சரிக்கையோடு விடுவார்கள். இருப்பைக் கொடுத்துவிட்டு, இனி வராதீர்கள் என்று மூடுவார்கள். அல்லது இருப்பைப் பறிமுதல் செய்துவிட்டு மூடுவார்கள். ஜிஜிபோக்கர் 2020 செப்டம்பரில் ஆர்டிஏ தொடர்பாக அறிவித்தபோது 40 கணக்குகளுக்கு எச்சரிக்கை, 13 கணக்குகளுக்குத் தடை. பறிமுதல் 11 லட்சத்து 75 ஆயிரம் டாலர். தலைக்குச் சுமார் 90,000. பார்ட்டிபோக்கர் 2018 டிசம்பர் முதல் 2019 மார்ச் வரை மூடிய 277 பாட் கணக்குகளில் மொத்தமாகக் கிடைத்தது 7 லட்சத்து 34 ஆயிரம் டாலர், தலைக்கு 2,650 வாக்கில். பாட் ஓட்டுபவர் சின்னப் பந்தயத்தில் ஆடி, லாபத்தை உடனுக்குடன் எடுத்துவிடுகிறார். கணக்கில் மிஞ்சுவது அவ்வளவுதான்.

தடை ஆளுக்குத்தான், பெயருக்கு அல்ல. அதே அட்டை, அதே கருவி, அதே நெட்வொர்க்கில் இருக்கும் சகோதரத் தளம் எல்லாம் சேர்த்தே மூடும். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் எந்தச் சோதனையில் விழுந்தீர்கள் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்தவர் அதைத் தவிர்த்துக்கொள்வார் என்பது அவர்கள் நியாயம். எதிர்த்து வாதாட எதுவுமே கையில் இல்லாமல் நிற்பது ஆட்டக்காரருக்கு நேரும் அநியாயம். பிரிட்டன், மால்ட்டா உரிமம் பெற்ற தளமாக இருந்தால் வெளியே இருக்கும் நடுவர் அமைப்பிடம் புகாரைக் கொண்டுபோகலாம். அங்கே நான் அப்படிச் செய்யவில்லை என்ற வாக்கியம் செல்லாது. வீட்டில் இரண்டு பேர் ஆடுவதை முன்பே சப்போர்ட்டுக்குச் சொல்லியிருந்த மின்னஞ்சல் செல்லும். கணவனும் மனைவியும் ஆடும் வீடு, மாணவர் விடுதி, அலுவலக வேலைக்காக ரிமோட் டெஸ்க்டாப் திறந்தே வைத்திருப்பவர் ஆகியோரே தவறாகச் சிக்குகிறவர்கள். முன்கூட்டியே சொல்லிவைப்பது, ஒரே மேசையில் உட்காராமல் இருப்பது, ஆடும்போது மற்ற ஜன்னல்களை மூடுவது, இவ்வளவுதான் அவர்கள் செய்ய வேண்டியது.

பறித்த பணத்தைப் பங்கிடுவது கேட்பதற்கு எளிது. கணக்கில் மிஞ்சியது 4,200 டாலர், அந்த ஆளிடம் மொத்தமாக நஷ்டப்பட்டவர்களின் நிகரத் தொகை 15,000 என்றால் ஒவ்வொருவருக்கும் இழந்ததில் 28 சதவீதம். 300 டாலர் இழந்தவருக்கு 84. அவரிடம் ஜெயித்தவருக்கு ஒன்றும் இல்லை, திரும்பக் கேட்பதும் இல்லை. தளம் தன் கையிலிருந்து மீதியைப் போட்டால்தான் முழுத்தொகை. அது எப்போதும் நடப்பதில்லை. கூட்டு ஆட்டத்தில் கணக்கு இன்னும் சிக்கல். தாமஸ் பயமுறுத்தியதால் ஃபோல்ட் செய்து குமாரிடம் இழந்தவரின் நஷ்டத்தை எப்படி எழுதுவது? அதனால் இருவரையும் ஒரே பையாக எடுத்துக்கொண்டு அவர்கள் சேர்ந்து உட்கார்ந்த ஆட்டங்களை மட்டும் கூட்டுவது ஒரு வழி.

போட்டி ஆட்டங்களில் இன்னும் மோசம். 2007-ல் போக்கர்ஸ்டார்ஸ் நடத்தும் டபிள்யூகூப் என்ற ஆன்லைன் உலகச் சாம்பியன்ஷிப் தொடரின் பிரதான போட்டியை ஜெயித்த TheV0id என்ற கணக்கு தகுதிநீக்கம் செய்யப்பட்டது. முதல் பரிசு 12 லட்சம் டாலருக்கு மேல். இரண்டாமவர் முதல்வரானார், மற்ற எல்லோரும் ஒரு படி ஏறினார்கள். ஆனால் அந்தக் கணக்கு தன் கையால் வெளியேற்றியவர்களும் ஒரே ஒரு படிதான் ஏறினார்கள். நாற்பதாவது இடத்தில் அதனிடம் எல்லாச் சிப்ஸையும் இழந்தவர் அது இல்லாமல் இருந்திருந்தால் எதுவரை போயிருப்பார் என்பதற்குச் சர்வரில் பதிவு இல்லை. அவருக்கு முப்பத்தொன்பதாவது இடத்துப் பரிசு வந்து சேரும்.